எலும்பு ஸ்கானில் தெரிகிற புள்ளி எல்லாம் புற்றுநோயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐந்து வாரங்களுக்கு முந்திய உங்கள் ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் ஒரு வசனம் இருந்தது: "எலும்பு ஸ்கானில் புள்ளிகள் தெரிந்தால் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்பது உறுதி." அன்றைக்கே எழுத நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டு விஷயம் முடிவு தெரியாமல் எழுதக் கூடாது என்று பொறுத்திருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது.

என் கணவருக்குப் புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். இரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு 26 என்று கூடுதலாக இருந்ததால் எலும்புக்குப் போயிருக்கிறதா என்று பார்க்கக் கொழும்புக்கு அனுப்பினார்கள். இரவு பஸ்ஸில் போய், காலையில் கையில் ஊசி போட்டு, நிறையத் தண்ணீர் குடியுங்கள், அடிக்கடி சிறுநீர் கழியுங்கள் என்று சொல்லி மூன்று மணித்தியாலம் இருத்தி வைத்து, பிறகு கமராவுக்குக் கீழே படுக்க வைத்தார்கள். படத்தையும் ரிப்போர்ட்டையும் ஒரு கவரில் போட்டுத் தந்தார்கள். ஒரு சொல் விளக்கம் இல்லை. எங்களுக்கு இங்கே கிளினிக் திகதி பதினொரு நாள் கழித்து.

அந்தப் பதினொரு நாளுக்குள்தான் உங்கள் ஞாயிறு பத்திரிகை வந்தது.

படத்தில் முன்பக்கமும் பின்பக்கமுமாக இரண்டு எலும்புக்கூடுகள். இடது விலாவில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக மூன்று கறுப்புப் புள்ளிகள், இடுப்பு முள்ளந்தண்டில் ஒன்று, வலது முழங்காலில் ஒன்று. இவர் உங்கள் பத்திரிகையை ஒரு கையிலும் படத்தை மற்றக் கையிலும் வைத்துக்கொண்டு சன்னல் வெளிச்சத்தில் எண்ணினார். வலது முழங்கை மடிப்பில் இருந்த புள்ளியில் விரலை வைத்து, "இங்கையும் வந்திட்டுது" என்றார். அது ஊசி போட்ட இடம், ஐயா. மருந்து கொஞ்சம் இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் அங்கேயும் கறுப்பாகத்தான் தெரியும். அடிவயிற்றில் பெரிதாகத் தெரிந்த கறுப்பையும் கட்டி என்று நினைத்துவிட்டார். அது சிறுநீர்ப்பை. எலும்பில் ஒட்டாத மருந்து சிறுநீரகத்தால் வடிந்து அங்கேதான் சேரும். இதில் ஒன்றுகூட உங்கள் கட்டுரையில் இல்லை. அடுத்த நாள் இவர் காணி உறுதிகளை எடுத்து மேசையில் அடுக்கினார். கனடாவில் இருக்கும் மகனை வரச் சொல்லுங்கோ என்றார். சாப்பாடு இறங்கவில்லை.

கிளினிக்கில் டொக்டர் படத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "ஐயா எப்பவாவது விழுந்தனீங்களோ?" இவர் இல்லை என்றார். எனக்குத்தான் ஞாபகம் வந்தது. நாலு மாதத்துக்கு முன் கிணற்றுக்கட்டில் பாசி வழுக்கி இடது பக்கம் அடிபட விழுந்தவர். எண்ணெய் பூசி ஒத்தடம் கொடுத்தோம், எக்ஸ்ரே எடுக்கவில்லை, அப்படியே மறந்துபோனோம். ஒரே அடியில் பக்கத்துப் பக்கத்து விலாக்கள் முறிந்தால் புள்ளிகள் இப்படி நேர்கோட்டில் வருமாம். புற்றுநோய் என்றால் பெரும்பாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும், அல்லது ஒரு விலாவின் நீளத்துக்கு ஓடும் என்றார். அந்த அடையாளத்தை மட்டும் வைத்து அவர் முடிவு சொல்லவில்லை. எக்ஸ்ரே எடுத்தார். மூன்று விலாவிலும் முறிந்த இடம் பொருந்திப் புடைத்திருந்தது. முழங்கால் பழைய வாதம். முள்ளந்தண்டுப் புள்ளிதான் சந்தேகமாக இருந்தது, அதற்கு சி.டி. எடுத்துப் பார்த்தார்கள். மூட்டுத் தேய்வு.

ஏன் இப்படி என்று அந்த டொக்டர் ஐந்து நிமிடத்தில் விளங்கப்படுத்தினார். ஊசியில் போவது டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள். எலும்பின் தாதுவோடு ஒட்டக்கூடிய ஒரு பொஸ்பேற் வகை மருந்தோடு சேர்த்துத் தருகிறார்கள். எங்கே புது எலும்பு வேகமாகக் கட்டப்படுகிறதோ, எங்கே இரத்தம் கூடுதலாக ஓடுகிறதோ, அங்கே அது அதிகம் ஒட்டும். முறிவு பொருந்தும்போதும், வாதத்திலும், எலும்பில் கிருமி பிடித்தாலும், புற்றுநோய் பரவினாலும் எலும்பு தன்னைத் திருத்தப் பார்க்கும். ஸ்கான் காட்டுவது அந்தத் திருத்த வேலையை. வேலை எதனால் நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. வயது போனவர்களுக்கு முறிவின் புள்ளி ஒரு வருடத்துக்கு மேலும் நிற்கலாமாம்.

உங்கள் கட்டுரையின் அடுத்த வசனம் இதைவிட மோசம். "புள்ளிகள் இல்லையென்றால் பயமே இல்லை" என்றிருந்தது. என் பெரியம்மா அந்த நம்பிக்கையில்தான் போனவர். நாரி நோவென்று எலும்பு ஸ்கான் எடுத்தோம், சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தது, வாதக் குளிசையோடு மாதக்கணக்கில் இருந்தா. பிறகு எடுத்த சாதாரண எக்ஸ்ரேயில் மண்டையோட்டில் துளை துளையாக இருந்தது. மல்ட்டிப்பிள் மைலோமா என்ற ஒரு வகை இரத்தப் புற்றுநோய். அந்த நோய் எலும்பைத் தின்னும், ஆனால் எலும்பு கட்டுகிற உயிரணுக்களை வேலை செய்ய விடாது. கட்டும் வேலை நடக்காத இடத்தில் மருந்து எப்படி ஒட்டும்? அன்றைக்கு இதை யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் இரத்தத்தையும் சிறுநீரையும் நேரத்தோடு சோதித்திருப்போம்.

போன வருடமும் இதே பக்கத்தில் ஒன்று வந்தது. கதிரியக்க ஊசி போட்டவர்களைப் பல நாள் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று. டெக்னீசியம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும், ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். சிறுநீரில் போவது வேறு. அன்றைக்கு மட்டும் கைக்குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்திருக்க வேண்டாம் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். ஆனால் உங்கள் கட்டுரையை வாசித்த சொந்தக்காரர் ஒருவர் இம்முறை இரண்டு கிழமை எங்கள் படலையைத் திறக்கவில்லை. அந்தக் கட்டுரை வந்தபோதும் ஒரு கடிதம் எழுதினேன், நீங்கள் போடவில்லை. இடமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் பத்திரிகையை எங்கள் வீட்டில் முப்பது வருடமாக வாங்குகிறோம். இடம்பெயர்ந்து இருந்த காலத்தில், கிடைத்த பழைய பிரதியைக்கூட ஒரு வரி விடாமல் வாசித்தவர் இவர். அச்சில் வந்தால் உண்மை என்று நம்புகிறவர். அதனால்தான் இவ்வளவு கோபம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாத விஷயங்கள் அல்ல, ஒரு டொக்டரிடம் காட்டிவிட்டுப் போட்டிருக்கலாம்.

இவருக்கு நோய் இல்லாமல் போய்விடவில்லை. சிகிச்சை தொடங்கியிருக்கிறது. ஸ்கானில் தெரியாத அளவு சிறிதாக எங்காவது இருக்கிறதா என்று இப்போது ஒருவராலும் சொல்ல முடியாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதை டொக்டர் நேரே சொன்னார், இவரும் கேட்டுக்கொண்டு சாப்பிடத் தொடங்கிவிட்டார்.

நான் கேட்பது இரண்டு வசனம். அதே மருத்துவப் பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள்: எலும்பு ஸ்கானில் புள்ளி தெரிந்தால் அது என்னவென்று எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகியவற்றில் தேவையானதை எடுத்துப் பார்க்க வேண்டும், சில வேளை சதைத்துண்டும் எடுத்துச் சோதிக்க வேண்டும். விழுந்து எழும்பியது, பழைய முறிவு, மூட்டு வருத்தம் இருந்தால் ஸ்கான் எடுக்க முன்னமே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.