முத்திரை குத்துமுன் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்

வங்கிக் கணக்கு அறிக்கைகளை மொழிபெயர்த்துச் சான்றளிக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு,

நீங்கள் முத்திரையிட்டு அனுப்பும் தாள்களை மூலத்தோடு வைத்துச் சரிபார்ப்பது என் வேலை. சென்ற மாதம் என் மேசைக்கு வந்த ஒரு ஜெர்மானியக் கணக்கு அறிக்கைதான் இந்த மடலை எழுத வைத்தது. மொழிபெயர்ப்பு பார்வைக்கு நேர்த்தியாக இருந்தது. அட்டவணை கோணவில்லை, முத்திரை தெளிவு, கையெழுத்தும் உரிய இடத்தில். அப்படியிருந்தும் அந்தத் தாளில் ஒரு மாணவியின் பணம் 290.40 யூரோ காணாமல் போயிருந்தது.

எப்படி என்று சொல்கிறேன். மூலத்தில் பழைய இருப்பு 2.418,36. அதன் கீழே மூன்று வரிகள்: சம்பள வரவு 1.864,50, வாடகை 720,00, ஒரு கடை திருப்பித் தந்த தொகை 145,20. புதிய இருப்பு 3.708,06. ஜெர்மனியில் புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும், காற்புள்ளி சென்ட்டைப் பிரிக்கும். மொழிபெயர்ப்பாளர் இதை அறிந்தவர், எல்லா எண்களையும் சரியாக மாற்றியிருந்தார். ஆனால் அந்த அறிக்கையில் கூட்டல், கழித்தல் குறிகள் கிடையாது. ஒவ்வொரு தொகையின் அருகிலும் ஒற்றை எழுத்துதான் இருக்கும். எஸ் என்றால் பற்று, எச் என்றால் வரவு. கடை திருப்பித் தந்த தொகையின் பக்கத்தில் எச் இருந்தது. கடையின் பெயரைப் பார்த்ததும் செலவு என்று கை தானாக எழுதியிருக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் அது பற்றாகிவிட்டது. புதிய இருப்பை மட்டும் மூலத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதியதால், தாளைப் படித்துப் பார்த்த யாருக்கும் ஐயம் எழவில்லை.

கூட்டிப் பார்த்தால் எழுந்திருக்கும். மொழிபெயர்ப்பில் உள்ள வரிகளின்படி 3,417.66தான் வருகிறது. கீழே அச்சாகியிருப்பது 3,708.06. வித்தியாசம் 290.40, அதில் பாதி 145.20. வித்தியாசத்தின் பாதிக்குச் சமமான தொகை ஏதேனும் வரியில் இருந்தால், அந்த வரியில் வரவும் பற்றும் இடம் மாறியிருக்க வாய்ப்பு மிக அதிகம். பழைய கணக்குப்பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த உத்தி இது, நம் தொழிலில்தான் மறந்துவிட்டோம்.

அதே கட்டின் அடுத்த தாளில் வித்தியாசம் சரியாக 9.00. காப்பீட்டுத் தவணை 89,64 என்று இருந்ததை 98.64 என்று தட்டச்சு செய்திருந்தார்கள். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். ஆகவே வித்தியாசத்தைச் சென்ட்டாக மாற்றி ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். வகுபட்டால் இடம் மாறிய இலக்கங்களைத் தேடுவதிலிருந்து தொடங்கலாம். ஒரே தாளில் இரண்டு பிழைகள் கலந்திருந்தால் இந்தக் குறிப்புகள் கை கொடுக்காது. அப்போது வரிக்கு வரி போவதைத் தவிர வேறு வழியில்லை.

உங்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: மொழிபெயர்ப்பில் உள்ள எண்களை மட்டும் வைத்து, மூலத்தைப் பார்க்காமல், பழைய இருப்பிலிருந்து புதிய இருப்பு வரை கூட்டிக் கழியுங்கள். பிறகு மூலத்தைத் திறவுங்கள். மூலத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு, இருக்க வேண்டிய எண்தான் கண்ணில் படும், இருக்கும் எண் படாது. எந்தக் காசு என்பதையும் மறக்காதீர்கள். குவைத் தினாரில் ஆயிரம் ஃபில்ஸ் என்பதால் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள் வரும். அங்கே 1.250 என்பது ஒன்றேகால் தினார், ஆயிரத்து இருநூற்றைம்பது அல்ல.

கூட்டல் பிடிக்காத பிழைகளும் உண்டு. தேதி அவற்றில் முதன்மையானது. நான் சொன்ன அதே அறிக்கை ஜனவரி 2024-க்கு உரியது. அதில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு தேதிகள்: ஒன்று பதிவு செய்த நாள், மற்றது தொகை கணக்கில் செல்லுபடியாகும் நாள். இரண்டிலும் ஆண்டு கிடையாது, நாளும் மாதமும் மட்டுமே. முதல் வரியில் பதிவு 02.01., செல்லுபடி நாள் 30.12. என்று இருந்தது. தலைப்பில் 2024 என்று கண்ட மொழிபெயர்ப்பாளர் இரண்டுக்கும் அந்த ஆண்டையே சேர்த்துவிட்டார். ஜனவரி அறிக்கையில் 30 டிசம்பர் 2024 என்று ஒரு தேதி. இன்னும் வராத நாளில் செல்லுபடியான சம்பளம்! விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் இதைப் பார்த்தால் போலி ஆவணம் என்றுதானே நினைப்பார்? ஆண்டு மூலத்தில் இல்லையென்றால் மொழிபெயர்ப்பிலும் சேர்க்காதீர்கள். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் சதுர அடைப்புக்குள், மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று சொல்லிச் சேருங்கள். மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 03.04. என்பதை ஏப்ரல் 3 என்று எழுதிவிட்டால் அதை மார்ச் 4 என்று படிக்க யாராலும் முடியாது. இரண்டு தேதிகளில் ஒன்றை இடம் போதவில்லை என்று விட்டுவிடுவதும் பிழையே.

தாய்லாந்து அறிக்கையில் 2567 என்று பார்த்தால் அது பௌத்த ஆண்டு, நமக்கு 2024. அதையும் 2567 என்றே எழுதி, அடுத்து அடைப்புக்குள் 2024 என்று தாருங்கள். மூலத்தோடு ஒப்பிடுபவர் மூலத்தில் உள்ள எண்ணைத்தான் தேடுவார்.

பெயர்களில் நீங்கள் செய்யும் தவறு பெரும்பாலும் நல்லெண்ணத்தில் பிறப்பது. லத்தீன் எழுத்தில் இல்லாத மூலத்தை மாற்றும்போது, உங்கள் காதுக்குச் சரியாகப் படும் எழுத்துக்கூட்டலை எழுதுகிறீர்கள். கணக்கு வைத்திருப்பவருக்கோ கடவுச்சீட்டில் ஏற்கெனவே ஓர் எழுத்துக்கூட்டல் இருக்கிறது. யூலியா என்ற ரஷ்யப் பெயர் கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் வழக்கமான ஆங்கில எழுத்தில் வேறு விதமாகவும் வரும். கடவுச்சீட்டின் நகலைக் கேட்டு வாங்கி, கணக்கு வைத்திருப்பவரின் பெயரை அதன்படி எழுதுங்கள். ஆனால் மூலமே லத்தீன் எழுத்தில் இருந்தால் ஓர் எழுத்தைக்கூடத் தொடாதீர்கள். ஜெர்மானியப் பெயர் ஒன்றில் மேலே இரண்டு புள்ளி வைத்த எழுத்து, கடவுச்சீட்டின் அடியில் உள்ள இயந்திரம் படிக்கும் வரியில் இரண்டெழுத்தாக விரிந்திருக்கலாம். வங்கி அச்சிட்டதை அப்படியே வைத்துக்கொண்டு வேறுபாட்டைக் குறிப்பில் சொன்னால் போதும்.

வங்கியே ஒரு பெயரைத் தவறாக அச்சிட்டிருந்தாலும் அப்படித்தான். திருத்துவது உங்கள் உரிமையல்ல. தவறு தவறாகவே மொழிபெயர்ப்பில் நிற்க வேண்டும், அருகில் "மூலத்தில் உள்ளபடி" என்ற குறிப்போடு. உங்கள் சான்று சொல்வது, இது அந்தத் தாளில் இருப்பதன் உண்மையான மொழிபெயர்ப்பு என்பதை மட்டும்தான். தாள் உண்மையானதா, கணக்கில் பணம் இருந்ததா என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. யூரோவை வேறு நாணயமாக மாற்றிக் காட்டுவதையும் அதே காரணத்துக்காகத் தவிர்க்கும்படி கேட்கிறேன்.

அந்த மாணவியின் கட்டைத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் திரும்பி வந்தபோது 145.20-க்கு எதிரே இருந்த பற்று என்ற சொல் பேனாவால் அடிக்கப்பட்டு, மேலே வரவு என்று எழுதியிருந்தது. தேதிகள் திருந்தவில்லை. சான்றுப் பக்கம் பழையதே. தைத்துச் சான்றளித்த கட்டில் கையால் திருத்தினால், எந்தச் சொல் சான்றுக்கு முன் எழுதியது, எது பின் எழுதியது என்று யாராலும் சொல்ல முடியாது. பிழை தெரியவந்தால் திருத்திய தாள்களைப் புதிதாக அச்சிட்டு, புதுத் தேதியிட்ட சான்றோடு முழுக் கட்டையும் மறுபடி தைத்து அனுப்புங்கள். பழைய கட்டை நான் ரத்து என்று குறித்துத் திருப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தாள்களைச் சரிபார்ப்பவன்