இறுதியாண்டு ஆய்வகத்துக்கு கிளவுட் கிரெடிட் வேண்டி முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். இறுதியாண்டு கிளவுட் பாடத்துக்கு கிரெடிட், அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் மெஷின்களைப் பயன்படுத்துவதற்கான முன்தொகை, கேட்டு நான் ஏற்கெனவே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ‘ஆய்வகத்தில்தான் கணினிகள் இருக்கின்றனவே’ என்று இரண்டு முறையும் பதில் வந்தது. கணினிகள் இருப்பது உண்மைதான். அவற்றில் இந்தப் பாடத்தை நடத்த முயலும்போது என்ன ஆகிறது என்பதை ஒரே ஒரு பயிற்சியை வைத்துச் சொல்கிறேன்.

பாடத்திட்டத்தின் ஏழாவது பயிற்சி, மூன்று நோடுகள், அதாவது மூன்று மெஷின்கள், ஒன்றாக இயங்கும் குபர்நெடிஸ் கிளஸ்டரை அமைத்து, ஒரு நோடை வேண்டுமென்றே நிறுத்திப் பார்ப்பது. நிறுத்திய ஒரு நிமிடத்துக்குள் அந்த நோடு `NotReady` என்று மாற வேண்டும். இயல்பு அமைப்பில் இன்னும் 300 வினாடி கழித்து, அதில் ஓடிய பாடுகளுக்கு, அதாவது கிளஸ்டர் இயக்கும் செயலி அலகுகளுக்கு, பதிலாக வேறு நோடில் புதியவை எழ வேண்டும். அந்த ஐந்து நிமிடக் காத்திருப்பு எதற்கு, அதைக் குறைத்தால் என்ன கெடும் என்பதுதான் பாடம்.

நம் கணினிகளில் நினைவகம் 8 ஜிபி. கிளஸ்டரை அமைக்கும் `kubeadm` கருவி ஒவ்வொரு நோடுக்கும் குறைந்தது 2 ஜிபி கேட்கிறது. மூன்று வெர்ச்சுவல் மெஷினுக்கு 6 ஜிபி போனால், மிச்சமிருக்கும் 2 ஜிபியில் விண்டோஸ் மூச்சுவிட வேண்டும். முடியாமல் நினைவகத்தை டிஸ்க்கில் எழுதத் தொடங்குகிறது. எல்லாம் தவழ ஆரம்பிக்கிறது. மாணவர் இன்னும் எதையுமே நிறுத்தவில்லை, அதற்குள் திரையில் இப்படி வருகிறது:

```
NAME      STATUS     ROLES
master    Ready      control-plane
node1     NotReady   <none>
node2     Ready      <none>
```

சில நிமிடம் கழித்து `node1` தானாகவே சரியாகிவிடும், அப்புறம் `node2` விழும். ‘சார், இது நாங்கள் நிறுத்தியதால் வந்ததா, கணினி திணறுவதால் வந்ததா?’ என்று கேட்கிறார்கள். எனக்கும் தெரிவதில்லை. பழுதை உண்டாக்கி அதன் விளைவைக் கவனிக்கச் சொல்லும் பயிற்சியில், எந்தப் பழுது நாம் செய்தது என்றே தெரியாவிட்டால் அங்கே பயிற்சி என்று ஒன்று நடக்கவே இல்லை. கடைசியில் ரெக்கார்டு நோட்டில் முந்தைய ஆண்டு மாணவர்களின் வெளியீட்டைப் பார்த்து எழுதுகிறார்கள். அதில் நான் கையெழுத்திடுகிறேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கையெழுத்து என் மனதை உறுத்துகிறது.

மாற்று வழிகளையும் பார்த்துவிட்டோம். ஒரு குழுவுக்கு மூன்று கணினி என்று இணைத்தால் 20 குழுக்களுக்கு 60 கணினி வேண்டும். ஆய்வகத்தில் இருப்பவை 30. `kind` போன்ற கருவியில் நோடுகளை கன்டெய்னர்களாக ஓட்டலாம். கட்டளைகளைப் பழக அது போதும், நானே அதைத்தான் முதல் வாரங்களில் பயன்படுத்துகிறேன். ஆனால் அங்கேயும் எல்லா நோடுகளும் அதே 8 ஜிபியைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன.

ஆர்வமுள்ள மாணவர்கள் இதற்கு என்ன செய்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். தந்தையின் வங்கி அட்டையைக் கொடுத்து, சொந்தமாக ஒரு கிளவுட் கணக்கைத் திறக்கிறார்கள். சென்ற பருவத்தில் ஒரு மாணவர் அப்படித் திறந்து, பயிற்சியை அழகாக முடித்தார். முடித்ததும் மூன்று மெஷின்களையும் அழித்துவிட்டார், நான் சொன்னபடியே. ஆனால் அவருடைய சர்வீஸ் கோப்பில் `type: LoadBalancer` என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பார்த்ததும், கிளவுட் கணக்குடன் இணைந்த கிளஸ்டர், வரும் கோரிக்கைகளை நோடுகளுக்குப் பிரித்து அனுப்பும் ஒரு லோட் பேலன்சரை வெளியே உருவாக்கும். `kubectl delete service` கொடுத்தால் அதை கிளஸ்டரே நீக்கிவிடும். அதைச் செய்யாமல் மெஷின்களை நேரடியாக அழித்ததால், நீக்க வேண்டிய கிளஸ்டரே இல்லாமல் போய் லோட் பேலன்சர் மட்டும் தனியாக நின்றுவிட்டது. கூடவே தரவுக்கென உருவான டிஸ்க்குகளும். ஒரு வேலையும் நடக்காவிட்டாலும் அவற்றுக்கு மணிக்கணக்கில் கட்டணம் ஓடும். இரண்டு மாதம் கழித்து அவருடைய தந்தைக்கு வந்த குறுஞ்செய்தியில்தான் விஷயம் தெரிந்தது. அவர் என்னைக் கேட்ட கேள்வி: ‘கல்லூரிப் பாடத்துக்கு என் அட்டை எதற்கு?’ என்னிடம் பதில் இல்லை ஐயா.

அதனால்தான் மறுபடியும் கேட்கிறேன்: கணக்கு கல்லூரியின் பெயரில் இருக்கட்டும், கிரெடிட் கல்லூரி வழியாக வரட்டும்.

எவ்வளவு வேண்டும் என்பதையும் கணக்கிட்டிருக்கிறேன். 20 குழு, குழுவுக்கு 3 மெஷின், வாரத்துக்கு 4 மணி நேரம், 10 வாரம். மொத்தம் 2,400 மெஷின்-மணி. அதே மெஷின்களை யாரும் நிறுத்தாமல் 10 வாரமும் ஓடவிட்டால் 1,00,800 மெஷின்-மணி, அதாவது 42 மடங்கு. செலவு கைமீறுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது, அது எனக்கும் உண்டு. பட்ஜெட் எச்சரிக்கையை மட்டும் நம்பவும் முடியாது. அது மின்னஞ்சல் அனுப்பும், எதையும் நிறுத்தாது. கட்டண விவரமும் பல மணி நேரம் தாமதித்தே வரும். ஆகவே ஒரு குழு எத்தனை மெஷின் எழுப்பலாம், எந்த அளவில் எழுப்பலாம் என்ற உச்சவரம்பை முன்பே கணக்கில் போட்டுவிடுவேன். ஜிபியு மெஷின்களுக்கு அனுமதியே இருக்காது. இரவு ஒன்பதுக்கு எல்லா மெஷினும் தானாக நிற்கும். சனிக்கிழமைதோறும் அனாதையாக நிற்கும் டிஸ்க், லோட் பேலன்சர் எல்லாவற்றையும் நானே பட்டியலிட்டு நீக்குவேன்.

முதல் படிக்குப் பணம்கூட வேண்டாம். அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் கல்லூரிகளுக்கென நடத்தும் ஏடபிள்யூஎஸ் அகாடமியில் கல்லூரி உறுப்பினராகச் சேர்ந்தால், மாணவர்களுக்கு வங்கி அட்டை இல்லாமலே ஆய்வகக் கணக்கு கிடைக்கும். நேரம் முடிந்ததும் மெஷின்கள் நிற்கும். ஒதுக்கிய தொகை தீர்ந்தால் கணக்கே மூடப்படும், யாருக்கும் பில் வராது. ஆனால் மூடினால் அதுவரை செய்த வேலையும் போய்விடும், அதனால் கோப்புகளை வெளியே சேமிக்கப் பழக்க வேண்டும். எல்லாச் சேவையும் அதில் திறந்திருக்காது. நம் பயிற்சிக்குச் சாதாரண மெஷின்கள் போதும். கூகுள் கிளவுடிலும் பாடத்துக்கென ஆசிரியர் விண்ணப்பித்து கிரெடிட் வாங்கலாம். அதை நானே செய்வேன். அகாடமியில் மட்டும் நான் தனியாளாகச் சேர முடியாது. கல்லூரிதான் சேர வேண்டும், நீங்கள்தான் கையெழுத்திட வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆய்வுக்குழு வரும் வாரத்தில் ஆய்வகத்துக்குப் புதிய திரைகளும் நாற்காலிகளும் வந்தன. கண்ணால் பார்க்கக்கூடிய பொருளுக்கு ஒப்புதல் ஒரே நாளில் கிடைக்கிறது. பார்க்க முடியாத 2,400 மணி நேரத்துக்கு மூன்று பருவமாகக் காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பில் இரண்டு வகுப்புகள் ஏழாவது பயிற்சியைச் செய்யாமலே பட்டம் வாங்கிப் போய்விட்டன. மன்னிக்கவும், கோபம் எழுத்தில் வந்துவிட்டது.

உறுப்பினர் விண்ணப்பத்தை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன் அதில் கையெழுத்திட்டுத் தருமாறும், அகாடமி ஒதுக்கீடு போதாமல் போனால் 2,400 மெஷின்-மணிக்கு மிகாத ஒரு சிறு தொகையை ஆய்வக நிதியிலிருந்து அனுமதிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பத்து நிமிடம் தந்தால், அதே 8 ஜிபி கணினியில் அந்த `NotReady` வருவதை உங்கள் முன்னிலையிலேயே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
இறுதியாண்டு கிளவுட் பாட விரிவுரையாளர்