வாம்மா மின்னலும் வாங்க மாமாவும்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டத் தமிழாசிரியர்களுக்கு,

வணக்கம். நான் நீடாமங்கலம் பக்கம் மைக் செட் வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வயரைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவேன். மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிபயரோடு உட்கார்ந்திருப்பவன் என்பதால் உங்கள் பேச்சுகளை முழுசாகக் கேட்கும் பாக்கியம் உண்டு. சமீப காலமாக அதில் ஒரு குறை தவறாமல் வருகிறது. வீட்டுக்கு வந்தவரைப் பிள்ளைகள் "வாங்க" என்று ஒரு வார்த்தை கேட்பதில்லையாம். "வாம்மா மின்னல்", "வாடா என் மச்சி" என்று சினிமா வசனத்தை எடுத்து விடுகிறார்களாம். சினிமா தமிழையும் கெடுத்தது, மரியாதையையும் கெடுத்தது என்று முடிக்கிறீர்கள். கைதட்டலும் கிடைக்கிறது.

எனக்கு இதில் பாதிதான் சம்மதம். மீதிப் பாதிக்காகத்தான் இந்த மடல்.

முதலில் ஒன்று. சினிமா வசனம் வாய்க்கு வருவது இந்தக் கைபேசிப் பிள்ளைகள் தொடங்கி வைத்ததில்லை. எங்கள் தொழிலில் ஒரு காலத்தில் பாட்டுக்குச் சமமாக வசனம் ஓடியது. கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது 'திருவிளையாடல்' கதை வசனத்தை இசைத்தட்டில் போடுவார்கள். தருமி புலம்பும் இடம் வந்தால் பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு நின்றுவிடுவார். அப்புறம் கேசட் வந்தது. 1984-இல் 'விதி' வந்தபோது அதன் கோர்ட்டு வசனம் டீக்கடை தவறாமல் ஓடியது. எழுதியவர் ஆரூர்தாஸ், பெயரிலேயே திருவாரூரை வைத்திருந்தவர். அந்த வசனத்தை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். ஆனால் அத்தனை நீள வசனத்தில் ஒரு வரிகூட ஒருவரை ஒருவர் பார்த்ததும் சொல்லும் பேச்சாக மாறவில்லை. அதற்குத் தோதான வரி வேறு மாதிரி இருக்க வேண்டும்.

அப்படித் தோதாக அமைந்த பழைய வரி 'நலந்தானா'. 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் கண்ணதாசன் எழுதியது. கதையே நம்ம ஊர்க் கதை. நாயகன் சிக்கல் சண்முகசுந்தரம், நாயகி திருவாரூர் மோகனாம்பாள். காயம் பட்டு வந்திருக்கிறவனிடம், சபை நடுவே "எப்படி இருக்கிறீங்க" என்று நேராகக் கேட்க அவளுக்கு வழியில்லை. ஆடிக்கொண்டே பாட்டில் கேட்கிறாள். நம் பக்கம் யாரும் யாரையும் "நலந்தானா" என்று விசாரிப்பது கிடையாது. "சௌக்கியமா", "நல்லாருக்கீங்களா" அவ்வளவுதான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவரைப் பார்க்கப் போகும் பெரிசுகள், அந்த மெட்டில் ஒரு இழுப்பு இழுத்து "நலந்தானா" என்பார்கள். படுத்திருப்பவரும் சிரித்துவிடுவார். மெட்டு இல்லாமல் வெறும் பேச்சாக அதைச் சொன்னவரை நான் பார்த்ததில்லை. அந்த இழுப்புதான் விஷயமே. "இது என் பேச்சில்லை, படத்திலிருந்து எடுத்தது, உனக்கும் தெரியும்" என்பதை அது சொல்லிவிடுகிறது. இன்று பிள்ளைகள் வடிவேலு குரலில் பேசுவதும் அதே இழுப்புதான்.

இப்போது உங்கள் முதல் குற்றவாளிக்கு வருகிறேன். 'வாம்மா மின்னல்' 2000-இல் வந்த 'மாயி' படத்துப் பெண் பார்க்கும் காட்சி. மின்னல் என்று பெண்ணைக் கூப்பிடுவார்கள். அவள் பெயருக்கேற்றபடி கண் இமைக்கும் நேரத்தில் வந்து போய்விடுவாள். அந்தப் பெண்ணாக நடித்தவருக்கு 'மின்னல்' தீபா என்றே பெயர் நின்றுவிட்டது. இதைக் கேசட்டில் கேட்டால் ஒன்றும் புரியாது, கண்ணால் பார்க்க வேண்டும். 1993-இல் சன் டிவி வந்து, அப்புறம் நகைச்சுவைக் காட்சிகளை மட்டும் வெட்டி வெட்டிப் போடும் சேனல்கள் வந்த பிறகுதான் இந்த மாதிரி வரிகள் வீட்டுக்குள் வந்தன. முழுப் படத்தையும் பார்க்காத குழந்தைக்குக்கூட அந்த ஒரு நிமிடக் காட்சி மனப்பாடம்.

இதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். கடைக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து வரும் மகளிடம் அம்மா சொல்கிறாள். பஸ்ஸைக் கோட்டைவிட்டு வரும் தோழியிடம் தோழி சொல்கிறாள். படத்தில் வேகத்துக்கு வைத்த பெயர், நம் வீடுகளில் பெரும்பாலும் தாமதத்துக்குக் கிண்டலாகிவிட்டது. ஆனால் பெரியம்மா வந்தால் இதே பெண் "வாங்க பெரிம்மா" என்றுதான் கேட்கிறாள். ஏனென்றால் வரியின் உள்ளே 'வா' இருக்கிறது. 'வாங்கம்மா மின்னல்' என்று மரியாதை சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், காட்சியும் ஞாபகம் வராது, சிரிப்பும் வராது. எடுத்த வரியைத் திருத்த முடியாது. திருத்தாமல் சொல்ல வேண்டுமென்றால் 'வா' போட்டுப் பேசக்கூடிய ஆளிடம்தான் சொல்ல முடியும். நீங்கள் வகுப்பில் சொல்லித்தரும் ஒருமை, பன்மையை அந்தப் பெண் இந்த இடத்தில் பிசகாமல் கடைப்பிடிக்கிறாள்.

'வாடா என் மச்சி, வாழைக்காய் பஜ்ஜி' இன்னும் சுவாரசியம். சொன்னவர் நம்ம மாயவரத்துக்காரர் டி. ராஜேந்தர், 2007-இல் வந்த 'வீராசாமி' படத்தில். அது வரவேற்பே கிடையாது, சண்டைக்கு இழுக்கும் மிரட்டல். அடுத்த அடியில் எதிராளியின் உடம்பைப் பிய்த்துப் பஜ்ஜி போடுவதாக வருகிறது. ஆனால் பையன்கள் முதல் அடியோடு நிறுத்திக்கொண்டார்கள். மிரட்டல் உதிர்ந்துபோய், எதுகை மட்டும் நின்று, அது கூட்டாளியைக் கூப்பிடும் வரியாகிவிட்டது. இன்று துபாயிலிருந்து வந்து இறங்கும் நண்பனை இப்படித்தான் கட்டிப்பிடிக்கிறார்கள். இதிலும் மச்சி என்று கூப்பிடத் தகுந்தவனுக்குத்தான் சொல்கிறார்கள். சொந்த மச்சானே ஆனாலும், அக்காவைக் கட்டியவர் என்றால் "வாங்க மாமா"தான். (கல்யாண ஃப்ளெக்ஸ்களில் மட்டும் இந்தக் கட்டுப்பாடு காற்றில் பறக்கிறது. மாப்பிள்ளை படத்துக்குப் பக்கத்தில் அழுகிற வடிவேலுவைப் போடுகிறார்கள். பெண் வீட்டார் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.)

மூன்றாவதாக ஒரு வரி, நீங்கள் யாருமே குறை சொல்லாதது. 2016-இல் 'கபாலி' வந்தது. அதில் ரஜினிகாந்த் சொல்லும் "மகிழ்ச்சி" ஊரெல்லாம் பரவியது. பிள்ளைகளோடு நிற்கவில்லை. வாழ்த்துச் சொன்னால் மகிழ்ச்சி, மனுவை வாங்கிக்கொண்டால் மகிழ்ச்சி, மொய் எழுதினால் மகிழ்ச்சி என்று பெரியவர்களும் பேசினார்கள். உங்களில் ஒருவர் மேடையில் எனக்கே சொன்னார், மைக் நன்றாக வேலை செய்ததற்கு. அது மட்டும் எப்படி எல்லாருக்கும் பொருந்தியது? அதில் வினைச்சொல்லே இல்லை. 'டா'வும் இல்லை, 'ங்க'வும் இல்லை. எதிரில் நிற்பவர் பெரியவரா சின்னவரா என்று முடிவு செய்யாமலே சொல்லிவிடலாம். நம் பக்கம் "ரொம்ப சந்தோசம்" என்று சொல்லி வந்த இடத்தில் அது போய் உட்கார்ந்தது. உங்களுக்கு அது நல்ல தமிழாகவும் பட்டதால், சினிமாவிலிருந்து வந்தது என்பதையே மறந்துவிட்டீர்கள். அதன் வேகம் இப்போது குறைந்துவிட்டது, அது வேறு விஷயம்.

ஆகவே பிள்ளைகள் பெரியவரை "வாங்க" என்று கேட்கவில்லை என்றால், அதற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அவர்கள் கைபேசியிலிருந்து தலையே தூக்குவதில்லை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். வடிவேலுமேல் பழி போடாதீர்கள்.

சம்மதமான பாதியையும் சொல்லிவிடுகிறேன். இந்த வரிகள் கெடுதல் செய்கிற ஓர் இடம் உண்டு, ஆனால் உங்கள் மேடைப் பேச்சில் அது வருவதில்லை. நம் மண்ணில் 'வாடா' எல்லாருக்கும் ஒரே மாதிரி விழுந்த சொல் கிடையாது. பண்ணை வீட்டுச் சிறுவன், நரைத்த தலையோடு நிற்கும் ஆளை 'வாடா' என்பான். அவர் பதிலுக்கு 'ஆண்டே' என்பார். 1940-களில் பி. சீனிவாச ராவ் கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டியபோது சவுக்கடி, சாணிப்பாலோடு சேர்த்து இந்த 'டா'வையும் எதிர்க்கத்தான் சொல்லிக்கொடுத்தார். அந்த 'டா' இப்போது நேராக வர முடியாத இடத்தில் வசனத்தின் முதுகில் ஏறி வருகிறது. என் கண்ணெதிரே ஒரு கல்யாணத்தில் பந்தல் கட்ட வந்த அறுபது வயதுக்காரரைப் பார்த்து, வீட்டுப் பையன் "வாடா என் மச்சி" என்றான். சுற்றி நின்ற நண்பர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கேட்டால் "சும்மா டயலாக்குதானே" என்பான். தன் பெரியப்பாவிடம் சொல்வானா என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பந்தல்காரரும் அதே வரியைத் திருப்பி அவனிடம் சொல்ல முடிந்தால் அது விளையாட்டு. முடியாதென்றால் அது பழைய 'டா'தான், வேறு சட்டை போட்டிருக்கிறது.

என் வேண்டுகோள் பெரிதாக ஒன்றுமில்லை. வகுப்பில் ஒரு பீரியட் ஒதுக்கி, பிள்ளைகளை அவரவர் வாயில் புழங்கும் சினிமா வரவேற்பு வரிகளை எழுதச் சொல்லுங்கள். எந்தப் படம் என்பதைவிட மூன்று விஷயம் எழுதட்டும்: இதை யாரிடம் சொல்வாய், யாரிடம் சொல்ல மாட்டாய், உன்னிடம் திருப்பிச் சொல்ல யாருக்கு உரிமை உண்டு. துக்க வீட்டில் இதில் எதையாவது சொல்வாயா என்றும் கேளுங்கள். "வாங்க" என்றுகூட யாரும் கேட்காத, "போயிட்டு வர்றேன்" என்று யாரும் சொல்லாத இடம் அது என்பது அவர்களுக்கே தெரியும். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்களில் தெருவாரியாக வித்தியாசம் தெரிந்தால், அதை மூடி வைக்காமல் அன்றைக்கே பேசிவிடுங்கள். அதற்குப் பிறகு எந்த வரியைக் கண்டிப்பது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

பழைய வசன இசைத்தட்டு சிலவும் கேசட் சிலவும் என்னிடம் இன்னும் ஓடுகிற நிலையில் இருக்கின்றன. பிள்ளைகள் கேட்க வேண்டுமென்றால் பெட்டியோடு வருகிறேன், வாடகை வேண்டாம். புரட்டாசியில் கூப்பிட்டால் சௌகரியம், முகூர்த்தம் இருக்காது. வகுப்பறையில் பிளக் பாயிண்ட் வேலை செய்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
நீடாமங்கலம் பக்கத்து மைக் செட்காரன்