விலகிய தேதி எது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரியில் சேருவது எப்படி என்று உங்கள் கல்விப் பக்கத்தில் நிறையவே எழுதுகிறீர்கள். சேர்ந்த பிறகு விலகினால், கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பி வரும், அதை எப்படிக் கேட்பது என்று யாரும் எழுதுவதில்லை. என் அக்கா மகள் விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அவள் சேர்ந்த கல்லூரி, கட்டணத் திருப்பல் விதிகளைத் தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கிறது. வகுப்பு தொடங்கி 15 நாளுக்குள் விலகினால் கற்பிப்புக் கட்டணத்தில் 75 சதவீதம், 30 நாளுக்குள் என்றால் 50 சதவீதம், அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது. வகுப்பு 1ஆம் தேதி தொடங்கியது. வேறு கல்லூரியில் இடம் கிடைத்ததும் 12ஆம் தேதி மின்னஞ்சலில் விலகல் கடிதம் அனுப்பினாள். அன்றே, கடிதம் வந்து சேர்ந்தது என்று அலுவலகத்திலிருந்து பதிலும் வந்தது. ஆனால் கணக்குப் பிரிவு 50 சதவீதம்தான் தந்தது. கேட்டால், 'நோ டியூ' படிவத்தில் கடைசிக் கையெழுத்து விழுந்தது 19ஆம் தேதி, அதுதான் விலகிய தேதி என்றார்கள்.

அந்தப் படிவத்தில் நூலகம், ஆய்வகம், விடுதி, கணக்குப் பிரிவு என்று நாலு இடத்தில் கையெழுத்து வேண்டும். நாலு பேருமே கல்லூரி ஊழியர்கள். அவர்களில் ஒருவர் விடுப்பில் போனால் மாணவிக்கு வரவேண்டிய பணம் குறைந்துவிடும் என்றால் அது என்ன நியாயம்? விதியிலோ, "விலகல் விண்ணப்பம் பெறப்பட்ட நாளிலிருந்து" கணக்கு என்று தெளிவாகவே இருக்கிறது. கையெழுத்து பற்றி அங்கே ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு சிக்கல், கட்டணத்தை மொத்தமாக ஒரே தொகையாகப் பார்ப்பது. மொத்தம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கற்பிப்புக் கட்டணம் 60, விடுதி 20, காப்புத் தொகை 10, தேர்வுக் கட்டணம் 5, சேர்க்கைக் கட்டணம் 5. சதவீதக் கணக்கெல்லாம் கற்பிப்புக் கட்டணத்துக்கு மட்டும்தான். காப்புத் தொகை கல்லூரியின் வருமானமே இல்லை. பொருள் எதையும் உடைக்காவிட்டால் முழுசாகத் திரும்ப வேண்டும். அவள் விடுதியில் சேரவில்லை, அறையும் ஒதுக்கவில்லை. அப்படியானால் முழுத் தொகையும் திரும்பும் என்று விதியே சொல்கிறது. தேர்வுக்குப் பதிவு செய்யும் முன்பே விலகினால் அந்தக் கட்டணமும் அப்படித்தான். சேர்க்கைக் கட்டணம் திரும்பாது; அதை நாங்கள் கேட்கவுமில்லை. ஆக வரவேண்டியது 45, 20, 10, 5, மொத்தம் 80. வந்தது 30.

முதலில் தொலைபேசியில்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். "பார்க்கிறோம்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. அப்புறம் கணக்கு அலுவலருக்குக் கடிதமாகவே எழுதி, முதல்வருக்கும் ஒரு நகல் அனுப்பினோம். குடும்பக் கஷ்டம் எதையும் அதில் எழுதவில்லை. ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே கட்டிய தொகை, திரும்ப வேண்டிய தொகை, அதற்கான விதி எண், அவ்வளவுதான். கட்டண ரசீது, 12ஆம் தேதி மின்னஞ்சல், அதற்கு வந்த பதில், விதிப் பக்கத்தின் நகல் எல்லாவற்றையும் இணைத்தோம். அந்த நகல் சேர்க்கையின்போதே எடுத்து வைத்தது. இணையப் பக்கத்தை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பணம் கட்டிய நாளில் அங்கே என்ன இருந்தது என்பதற்கு நம் கையில் சாட்சி வேண்டும்.

"கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். திருப்பித் தருவதற்கென்றே தனியாக விதி வெளியிட்டுவிட்டு, ரசீதில் அச்சடித்த ஒரு வரியால் அதை எப்படி ரத்து செய்ய முடியும் என்று பதில் எழுதினோம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர்கள் எடுக்கவில்லை.

விடுதி, காப்புத் தொகை, தேர்வுக் கட்டணம் மூன்றும் சேர்த்து 35 வந்துவிட்டது. அதோடு ஒரு படிவமும் வந்தது: "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் மீதி 15-ஐக் கேட்க முடியாது. "பகுதித் தொகை பெற்றேன், கற்பிப்புக் கட்டண வித்தியாசம் பாக்கி" என்று தனித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டார்கள்.

தேதிப் பிரச்சினை இன்னும் பரிசீலனையில் இருக்கிறதாம். விலகல் கடிதம் பெற்ற தேதியை அன்றே முத்திரையிட்டுத் தர வேண்டும், திருப்பல் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் என்று கல்லூரிகள் தங்கள் படிவத்திலேயே அச்சிட வேண்டும். சேர்க்கைக் காலத்தில் கல்லூரி நிர்வாகிகளைப் பேட்டி காணும்போது உங்கள் நிருபர்கள் இதையும் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்