ஒரு கட்டம் விட்டுப்போன அட்டவணை: பத்தாம் வகுப்புப் பொருளியல் கையேடு தயாரித்த குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கையேடு தயாரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். பொருளியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் பதினைந்து இருபது பேருக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். நீங்கள் பத்தாம் வகுப்புக்காகத் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பொருளியல் சுருக்கக் குறிப்பு எங்கள் பிள்ளைகள் எல்லோரிடமும் இருக்கிறது. மழை விடுமுறையில் போன பாடவேளைகளுக்கு ஈடாக அவர்கள் நம்பியிருப்பது அதைத்தான். மொத்த உள்நாட்டு உற்பத்தி பாடத்துக்கான பக்கங்களில் உள்ள பிழைகளைப் பற்றி இரண்டு முறை எழுதிக் கேட்டுவிட்டேன். பதில் இல்லை. அதனால் இந்த மடல்.

சட்டை அட்டவணையிலிருந்து தொடங்குகிறேன். மதிப்புக்கூட்டு முறையை விளக்க நீங்கள் கொடுத்திருப்பது இது: பருத்தி 100 ரூபாய், நூல் 150 ரூபாய், துணி 250 ரூபாய், சட்டை 400 ரூபாய். கீழே தடித்த எழுத்தில் ‘மொத்தம் 900’. அடுத்த பக்கத்தின் சுயசோதனை வினாவிலும் மொத்த உள்நாட்டு உற்பத்தி எவ்வளவு என்று கேட்டு, விடைக்குறிப்பில் 900 என்றே போட்டிருக்கிறீர்கள்.

சரியான விடை 400. பாடத்தில் பிள்ளைகள் புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான இடமே இதுதான். பருத்தியின் 100 ரூபாய் நூலின் விலைக்குள் இருக்கிறது, நூலின் விலை துணிக்குள், துணியின் விலை சட்டைக்குள். நான்கையும் கூட்டினால் பருத்தியை நான்கு முறை எண்ணிவிடுகிறோம். இருமுறை கணக்கிடல் என்று பாடத்தில் எச்சரிக்கிற தவறைக் கையேடே செய்து, அதற்கு விடைக்குறிப்பும் கொடுத்திருக்கிறது.

இது எப்படி நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. பழைய அட்டவணையில் கடைசியாக ‘கூட்டிய மதிப்பு’ என்று ஒரு கட்டம் இருந்திருக்கும். பக்கத்துக்குள் அடக்குவதற்காக அதை எடுத்துவிட்டு, மிச்சம் இருந்த எண்களை யாரோ கூட்டியிருப்பார்கள். அந்தக் கட்டத்தோடு அட்டவணை இப்படி இருக்க வேண்டும்:

| நிலை | விற்ற மதிப்பு (ரூ.) | வாங்கிய இடைநிலைப் பண்டம் (ரூ.) | கூட்டிய மதிப்பு (ரூ.) |
|---|---|---|---|
| பருத்தி | 100 | 0 | 100 |
| நூல் | 150 | 100 | 50 |
| துணி | 250 | 150 | 100 |
| சட்டை | 400 | 250 | 150 |
| மொத்தம் | கூட்டக் கூடாது | | 400 |

கடைசிக் கட்டத்தைக் கூட்டினால் 400 வருகிறது. சட்டையின் விலையும் 400. இரண்டும் ஒத்துப்போனால் கணக்கு சரி. பிள்ளை தன் விடையைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் வழி அது. விவசாயி விதைக்கும் உரத்துக்கும் செய்த செலவை இங்கே 0 என்று எளிமையாக்கியிருக்கிறோம் என்பதையும் கீழே ஒரு வரியில் சொல்லிவிட்டால், விவரமான பிள்ளை குழம்பாது.

இதனால் என்ன நடந்தது என்று சொல்கிறேன். என்னிடம் வரும் ஒரு மாணவியின் அம்மா கூடையில் மீன் விற்கிறவர். அட்டவணையைத் தொடுவதற்கு முந்தின நாள் அவர் தொழிலை வைத்தே கணக்குப் போட்டோம். ஏலத்தில் 600 ரூபாய்க்கு மீன், 50 ரூபாய்க்கு ஐஸ். தெருத்தெருவாகப் போய் வீடுகளில் மொத்தம் 850 ரூபாய்க்கு விற்கிறார். படகுக்காரரின் டீசல் செலவையும் ஐஸ் ஆலையின் செலவையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டுக் கேட்டேன். படகில் 600, ஐஸ் ஆலையில் 50, அம்மா கூட்டியது 200, ஆக 850 என்று அவளே சொன்னாள். ‘அம்மா நடந்துபோய் விக்கிறதுதான் சார் அந்த 200’ என்றாள். பாடம் புரிந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மறுநாள் வகுப்பில் சிறு தேர்வு. சட்டைக் கணக்கு அப்படியே வந்திருக்கிறது. முதலில் 400 என்றுதான் எழுதியிருக்கிறாள். பிறகு கையேட்டில் 900 என்று படித்தது நினைவுக்கு வந்து, அழித்துவிட்டு 900 என்று எழுதியிருக்கிறாள். அந்தத் தாளை நான் பார்த்தேன். பேனாவில் எழுதியதை எச்சில் தொட்டு அழித்ததில் அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது. திருத்திய ஆசிரியர் பாடம் தெரிந்தவர், தவறு என்று போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ‘அச்சடிச்சதுல தப்பு இருக்குமா சார்’ என்று அவள் என்னைக் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கையேட்டுக்காக அவள் அம்மா முதுநகரில் ஜெராக்ஸ் கடைக்குப் போய்க் காசு கொடுத்துப் படி எடுத்திருக்கிறார். ஒரு நாள் கூடைக்கான ஐஸ் காசு அதில் போயிருக்கிறது. அதனால் உங்களைப் பணிவோடு கேட்கிறேன்: சட்டை அட்டவணையையும் அதன் விடைக்குறிப்பையும் திருத்தி, ஒரு பக்கத் திருத்தத் தாளாக அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே அனுப்புங்கள்.

அடுத்தது கலைச்சொற்கள். மொத்த உள்நாட்டு உற்பத்திக்கு நீங்கள் கொடுத்திருக்கும் விளக்கம்: ‘ஒரு நாடு ஓராண்டில் உற்பத்தி செய்த பண்டங்கள், பணிகளின் பண மதிப்பு.’ படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு சொற்கள் விட்டுப்போயிருக்கின்றன: ‘எல்லைக்குள்’, ‘இறுதி’. நாட்டின் எல்லைக்குள், ஓராண்டில் உற்பத்தியான இறுதிப் பண்டங்கள், பணிகள் எல்லாவற்றின் சந்தை மதிப்பு என்று இருக்க வேண்டும். ‘இறுதி’ போனதால்தான் மேலே சொன்ன 900 வந்தது. ‘எல்லைக்குள்’ போனதால், மொத்த நாட்டு உற்பத்திக்கு நீங்கள் கொடுத்திருக்கும் விளக்கமும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அப்பாக்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. அப்பாவின் உழைப்பு எந்த நாட்டின் உள்நாட்டு உற்பத்தியில் சேரும் என்று பையன் கேட்டால், சிங்கப்பூருடையதில்தான் என்று சொல்ல அந்த ஒரு சொல் தேவை.

அப்புறம் இறுதிப் பண்டம், இடைநிலைப் பண்டம் என்று இரண்டு பத்திப் பட்டியல். ஒரு பக்கம் ரொட்டி, சட்டை, தேநீர். மறுபக்கம் மாவு, நூல், சர்க்கரை. சுயசோதனையில் ‘சர்க்கரை எவ்வகைப் பண்டம்?’ என்று கேள்வி, ‘இடைநிலைப் பண்டம்’ என்று விடை. பொருளின் பெயரை வைத்து இதைச் சொல்லவே முடியாது. யார், எதற்காக வாங்குகிறார்கள் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். தேநீர்க் கடைக்காரர் வாங்கிய சர்க்கரை இடைநிலைப் பண்டம். அதே மளிகைக் கடையில் நான் வீட்டுக்கு வாங்கும் சர்க்கரை இறுதிப் பண்டம். மீன்காரம்மா வீட்டுக்கு விற்கும் வஞ்சிரம் இறுதி, உணவகத்துக்குப் போகும் வஞ்சிரம் இடைநிலை. பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளை, கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் நிச்சயம் தடுமாறும். பட்டியலின் தலைப்பை ‘யார் வாங்கினார், எதற்கு’ என்று மாற்றி, ஒரே பொருளை இரண்டு பக்கமும் காட்டினால் போதும்.

சுயசோதனை வினாக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இருபது வினாக்களில் பெரும்பாலானவை விளக்கத்தில் உள்ள ஒரு சொல்லை எடுத்துவிட்டுக் கோடிட்ட இடம் ஆக்கியவை. பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா, சொல் நினைவிருக்கிறதா என்பது இதில் தெரியாது. விடைக்குறிப்பில் வெறும் எண்ணோ எழுத்தோ மட்டும் இருப்பதால், தவறியவன் ஏன் தவறினான் என்பதும் தெரியாது. 400க்குப் பக்கத்தில் ‘900 என்று எழுதியிருந்தால் இடைநிலைப் பண்டங்களையும் கூட்டிவிட்டாய்’ என்று ஒரு வரி இருந்திருந்தால், தேர்வுக்கு முன்பே அந்தப் பெண் தன் தவறைக் கண்டுபிடித்திருப்பாள். அச்சுப் பிழையும் அப்போதே உங்கள் கண்ணில் பட்டிருக்கும்.

இன்னொன்று. கலைச்சொற்களை அடர்நீலக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். கைபேசியில் பார்க்க அழகாக இருக்கிறது. ஜெராக்ஸில் அது கருப்புப் பட்டையாக வருகிறது. தேய்மானம், தலா வருமானம் எல்லாம் அந்தக் கருப்புக்குள் போய்விட்டன. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தக் கட்டங்களுக்கு மேல் ஒரு தாளை ஒட்டிப் பேனாவால் திரும்ப எழுதி வைத்திருக்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எதில் படிப்பார்கள் என்று ஒரு முறையாவது யோசித்திருக்க வேண்டாமா? கருப்பு வெள்ளையில் ஒரு பக்கம் படி எடுத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். எந்தத் திட்டம் வந்தாலும் கடைசிப் பிள்ளையின் கைக்கு அது எப்படிப் போய்ச் சேர்கிறது என்று யாரும் பார்ப்பதே இல்லை. முப்பது ஆண்டுகளாக இதைத்தான் பார்க்கிறேன்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். நீங்களும் வகுப்பறையில் பாடம் நடத்துகிறவர்கள், குறுகிய நாட்களில் வேலையை முடிக்கச் சொல்லியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் கேட்பது புதிய கையேடு இல்லை. சட்டை அட்டவணையில் கடைசிக் கட்டத்தைச் சேருங்கள், 900ஐ 400 ஆக்குங்கள், விளக்கத்தில் விட்டுப்போன இரண்டு சொற்களையும் சேருங்கள், சர்க்கரைக் கேள்வியை மாற்றுங்கள். எல்லாம் ஒரே பக்கத்தில், வெள்ளைத் தாளில் கருப்பு எழுத்தில் இருந்தால் ஒரு படிக்குள் முடிந்துவிடும். தேவையென்றால் மெய்ப்புப் பார்க்க நான் வருகிறேன், எந்த ஊருக்கு வேண்டுமானாலும்.

திருத்தத் தாளை அனுப்பும்போது தவறு கையேட்டில்தான், மாணவர்களிடம் இல்லை என்று மேலே ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பெண்ணிடம் நான் அதைக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர் ஒருவர்,
தேவனாம்பட்டினம், கடலூர்