பிழைப்பூதியத்தைக் கொடுத்துவிட்டு விசாரியுங்கள்

மதிப்பிற்குரிய மில் நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். ரிங் பிரேம் பிரிவில் சஸ்பெண்டில் இருக்கும் தொழிலாளிக்கு விசாரணையில் துணையாக வருகிறவன் நான். விஷயம் உங்களுக்குத் தெரியும். சஸ்பெண்ட் ஆகி ஆறு மாதம் முடிந்தது. பிழைப்பூதியம் என்று ஒரு ரூபாய் வரவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கென்றே 1981-இல் சட்டம் போட்டார்கள். முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி, அடுத்த 90 நாளுக்கு முக்கால், அதற்கு மேல் போனால் முழுச் சம்பளம். அவர் வாங்கியது மாதம் 18,000. அந்தக் கணக்கில் முதல் மூன்று மாதத்துக்கு 27,000, அடுத்த மூன்று மாதத்துக்கு 40,500, ஆக 67,500 ரூபாய் பாக்கி. இனி ஒவ்வொரு மாதமும் முழுதாக 18,000. இழுத்தடித்தது தொழிலாளியாக இருந்தால் பாதிக்கு மேல் கேட்க முடியாது. ஆனால் வாய்தா வாங்கியதெல்லாம் உங்கள் சாட்சியான மேஸ்திரிக்காகத்தானே?

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் உரிக்கும் களத்தில் அவரைக் கூப்பிட்டார்கள். போகவில்லை. வேறு வேலைக்குப் போனால் பிழைப்பூதியம் கிடையாது என்பதும் அதே சட்டம்தான். வராத பணத்தை இழந்துவிடக் கூடாதென்று வந்த கூலியை விட்டார். இப்போது அந்தக் களத்துக்கு அவர் சம்சாரம் போகிறார். "ஏனுங்க, குத்தம் பண்ணுனனா இல்லையான்னே இன்னும் முடிவாகலியே, அதுக்குள்ள தண்டனையா?" என்று அந்தத் தொழிலாளி கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

மில் உடுமலையில், விசாரணை மட்டும் கோவை ஆபீசில். போன முறை பஸ்ஸுக்குக் காசில்லாமல் அவர் வரவில்லை. அடுத்த முறையும் வராவிட்டால் ஒருதலையாக முடிப்போம் என்று விசாரணை அதிகாரி எழுதியிருக்கிறார். ரேவாவில் இருந்த ஒரு ஊழியரை ஜகதல்பூருக்கு விசாரணைக்கு அழைத்தார்கள். பிழைப்பூதியம் தராததால் அவரால் போக முடியவில்லை. அந்த விசாரணையே செல்லாது என்று 1973-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஐந்நூறு கிலோமீட்டர், உடுமலை பக்கம்தானே என்பீர்கள். கையில் காசில்லாதவனுக்குப் பொள்ளாச்சியைத் தாண்டுவதே பெரும்பாடுங்க. 1999-இல் கோலார் தங்கச் சுரங்க வழக்கிலும் பிழைப்பூதியம் தராமல் ஒருதலையாக முடித்த விசாரணை நிற்கவில்லை. உங்கள் வக்கீலுக்கு இவை தெரியாமல் இருக்காது. வக்கீல் பீசுக்கு மட்டும் மாதாமாதம் செக் தவறாமல் போகிறதாம்.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவரை விசாரிக்க வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பது அங்கே தெரியட்டும். பிழைப்பூதியத்தைக் கொடுத்துவிட்டு விசாரியுங்கள் என்கிறேன். பாக்கி 67,500 ரூபாயை அடுத்த விசாரணைத் தேதிக்கு முன்பாக அவர் வங்கிக் கணக்கில் போட்டு, விசாரணையையும் உடுமலை மில்லிலேயே வைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சக தொழிலாளி, உடுமலை