தங்க டோக்கன் வெளியிடும் நிறுவனங்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

நான் சில வருடங்கள் நகைக்கடன் கிளைகளில் இருப்புச் சரிபார்க்கும் வேலை பார்த்தவன். இப்போது உறவுக்காரப் பிள்ளைகள் பேக்ஸ் கோல்டு, டெதர் கோல்டு என்று, தங்கத்துக்கு ஈடாக வெளியிடும் டிஜிட்டல் டோக்கன்களைப் போனில் வாங்கி வைத்துக்கொண்டு, "மாமா, இது நிஜத் தங்கம்தானே?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் உங்கள் அறிக்கைகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் விலை. ஒரு டோக்கன் ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது சுமார் 31.1 கிராம் தங்கம் என்கிறீர்கள். அதைப் படிப்பவர், உள்ளே ஏதோ ஒன்று டோக்கனைத் தங்க விலையோடு கட்டி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார். அப்படி ஒன்றும் இல்லை. டோக்கன் மலிந்தால் பெரிய வியாபாரி வாங்கி, உங்களிடம் கொடுத்துத் தங்கமாக எடுப்பார். விலை ஏறினால் புது டோக்கன் வாங்கி விற்பார். அந்தப் போக்குவரத்துதான் விலையை ஒட்ட வைக்கிறது. ஆனால் உங்களிடமிருந்து நேராகத் தங்கமாகக் கையில் வாங்க முழுக் கட்டி வேண்டும். லண்டன் தரக் கட்டி 350 முதல் 430 அவுன்ஸ் வரை இருக்கும். அவுன்ஸ் 2,400 டாலர் என்று வைத்தால்கூட 430 அவுன்ஸுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஆகிறது. இரண்டு டோக்கன் வைத்திருக்கும் பையனுக்கு உங்களிடமிருந்து தங்கக் கட்டி கிடைக்காது, பெரும்பாலும் சந்தையில் யாராவது தரும் விலைதான் கிடைக்கும்.

2024 ஏப்ரல் 13, சனிக்கிழமை இதைக் காட்டியது. ஈரான் இஸ்ரேலைத் தாக்கியபோது தங்கச் சந்தை மூடியிருந்தது, டோக்கன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பேக்ஸ் கோல்டு வெள்ளிக்கிழமை முடிவு விலையைவிட நூற்றுக்கணக்கான டாலர் மேலே போய்ப் பின்பு இறங்கியது. அன்று இரவு பயத்தில் வாங்கியவர் தங்கத்துக்குக் கொடுத்ததோடு அவசரத்துக்கும் சேர்த்துக் கொடுத்தார். வார இறுதியில் இப்படி ஆகும் என்று வாங்கும் திரையிலேயே நீங்கள் எழுதலாம்.

சரி, இப்போது அறிக்கைக்கு வருகிறேன். நீங்கள் "ஆடிட்" என்று பேச்சுவாக்கில் சொல்வது பெரும்பாலும் ஆடிட் இல்லை. குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு நேரத்தில், டோக்கன் எண்ணிக்கைக்கு ஈடாகத் தங்கம் இருந்தது என்று நிர்வாகம் சொன்னதைக் கணக்காளர் உறுதிப்படுத்தும் சான்று அது. முந்தின நாளும் மறுநாளும் அதில் வராது.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு, டாலருக்கு ஈடாக வெளியிடும் டோக்கனில் ஒரு கதை இருக்கிறது. டெதரின் இருப்பை 2017 செப்டம்பர் 15 அன்று ஒரு கணக்காளர் நிறுவனம் சரிபார்த்தது. பணம் இருந்த வங்கிக் கணக்கு அன்று காலைதான் திறக்கப்பட்டது, அதே நாளில்தான் சகோதர நிறுவனமான பிட்ஃபினெக்ஸிலிருந்து 38 கோடி டாலர் வந்து சேர்ந்தது என்று நியூயார்க் அரசு வழக்குத்துறை 2021 பிப்ரவரி உடன்படிக்கையில் சொன்னது. தவறு என்று ஒப்புக்கொள்ளாமலே நிறுவனங்கள் 1.85 கோடி டாலர் கட்டி முடித்தன. நகைக்கடன் கிளையில் இதற்காகத்தான் நாங்கள் சொல்லாமல் போவோம். தேதி தெரிந்துவிட்டால் பக்கத்துக் கிளையிலிருந்து பொட்டலம் வந்து நிற்கும்!

கட்டிப் பட்டியலையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டிக்கும் வரிசை எண், உருக்காலைப் பெயர், மொத்த எடை, சுத்தம் எல்லாம் வேண்டும். 400 அவுன்ஸ் கட்டி 995 சுத்தம் என்றால் உள்ளே இருக்கும் தங்கம் 398 அவுன்ஸ்தான். பட்டியல் மொத்த எடையைக் கூட்டியிருந்தால், கட்டிக்கு இரண்டு டோக்கன் வெறும் காற்று. எதிர்ப்பக்கம், டோக்கன் எண்ணிக்கையை, பிளாக்செயின் என்னும் பொதுக் கணக்குச் சங்கிலியிலேயே யாரும் பார்க்கலாம். ஒரே டோக்கன் இரண்டு மூன்று சங்கிலிகளில் ஓடினால் அத்தனையையும், அறிக்கையில் உள்ள அதே நேரத்துக்கு, கூட்டிப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் எனக்கு இரண்டு கேள்விகள் நிற்கின்றன. கணக்காளர் பெட்டகத்துக்குள் போனாரா, தங்கத்தைப் பெட்டகத்தில் வைத்திருக்கும் காப்பாளர் அனுப்பிய கடிதத்தை மட்டும் பார்த்தாரா? எங்களூர் அப்ரைசர்போல் கட்டியை உரைகல்லில் தேய்க்க வேண்டாம். எடை போட்டு, அல்ட்ராசவுண்டில் உள்ளே வேறு உலோகம் இல்லை என்று பார்க்கலாமே. அடுத்தது, அந்தக் கட்டி வேறெங்காவது மறு அடகில் இருக்கிறதா? தங்கம் பெட்டகத்தில் பத்திரமாகவே இருக்கும், ஆனால் உங்களுக்குக் கடன் கொடுத்தவரும் அதில் உரிமை கேட்கலாம். எண்ணிப் பார்ப்பதால் இது தெரியாது. காப்பக ஒப்பந்தத்தில்தான் தெரியும்.

ஆகவே நான் கேட்பது மூன்று: வருடத்துக்கு இரண்டு முறையாவது முன்கூட்டிச் சொல்லாத நேரடிச் சோதனை, அதைச் செய்த ஆய்வாளரின் பெயரோடு அறிக்கை, காப்பக ஒப்பந்தத்தில் உரிமையும் அடகும் பேசும் பக்கங்கள். அடுத்த மாத அறிக்கையிலேயே முதலில் ஒப்பந்தப் பக்கங்களைப் போடலாம். அதற்குப் பெட்டகத்தைத் திறக்கக்கூடத் தேவையில்லை.

இப்படிக்கு,
பழைய இருப்புச் சரிபார்ப்பாளன்